விற்றது ரூ. 5,250... வங்கிக்கு வந்தது ரூ. 3,124! ஆன்லைன் விற்பனைக் கணக்குச் சீட்டைப் படிப்பது எப்படி?

பண்ருட்டி முந்திரியை அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டு, கடலூரிலிருந்து ஆன்லைன் சந்தையில் விற்பதாக வைத்துக்கொள்ளலாம். பாக்கெட் விலை ரூ. 525. பத்து ஆர்டர் வருகிறது, பத்தும் அனுப்பியாகிவிட்டது. கணக்குப்படி ரூ. 5,250 வர வேண்டும். கமிஷன், கூரியர் செலவு போக நாலாயிரத்துக்குக் குறையாது என்று மனக்கணக்குப் போட்டிருப்பார்கள். வங்கியில் விழுந்ததோ ரூ. 3,124.47. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கணக்குச் சீட்டு. அதில் வரிசையாகக் கழித்தல் குறிகள்.

இந்தச் சீட்டைப் பார்த்ததும் பலர் செய்வது ஒன்றுதான்: ‘கமிஷனிலேயே எல்லாம் போய்விட்டது’ என்று மூடி வைத்துவிடுவது. உண்மையில் கமிஷன் அதில் சிறிய பங்கு. பிடித்தங்களில் சில திரும்பி வராதவை. சில, கேட்டு வாங்கினால் திரும்பி வருபவை. இன்னும் சில தவறாகப் பிடிக்கப்பட்டிருக்கலாம். அவற்றைச் சில நாட்களுக்குள் மறுக்க வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்தப் பத்து ஆர்டர் கணக்கு.

இங்கே வரும் கட்டண எண்கள் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டவை. தளத்துக்குத் தளம், பொருளுக்குப் பொருள் இவை மாறும். வருடத்தில் சில முறை திருத்தவும் செய்வார்கள். வரி விகிதங்கள் மட்டும் நடைமுறையில் உள்ளவை. விற்பவர், சொந்தத் தோப்புக் கொட்டையை உடைத்துப் பருப்பாக்கும், ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஒரு சிறிய பங்குதாரர் நிறுவனம் என்று கொள்வோம்.

முதலில் ஒரே ஒரு ஆர்டர்

மொத்தச் சீட்டையும் ஒரே நேரத்தில் பார்த்தால் தலை சுற்றும். சிக்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்த ஒரு ஆர்டரை மட்டும் எடுத்துப் பிரித்தால் பாதி புரிந்துவிடும்.

விற்ற விலை: 525.00
கமிஷன் (6 சதவிகிதம்): 31.50
நிலைக் கட்டணம்: 25.00
அனுப்பும் கட்டணம்: 65.00
இந்த மூன்றின் மீது 18 சதவிகித ஜி.எஸ்.டி.: 21.87
டி.சி.எஸ்.: 2.50
டி.டி.எஸ்.: 0.50
கைக்கு வருவது: 378.63

கமிஷன் என்பது விலையில் இத்தனை சதவிகிதம் என்று பிடிப்பது. ஃப்ளிப்கார்ட் சீட்டில் இது Commission Fee என்று இருக்கும். அமேசான் இதையே Referral Fee என்கிறது. மீஷோ கமிஷன் கிடையாது என்றே விளம்பரம் செய்கிறது. ஆனால், கமிஷன் இல்லாத தளத்திலும் அனுப்பும் கட்டணமும் திரும்பி வரும் பார்சல் செலவும் உண்டு. கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. வாடிக்கையாளர் கொடுக்கும் 525-ல் ரூ. 25 ஜி.எஸ்.டி.; பருப்பின் விலை ரூ. 500 மட்டுமே. கமிஷனோ 525-க்குக் கணக்கிடப்படுகிறது. அரசுக்குப் போக வேண்டிய வரிக்கும் சேர்த்துக் கமிஷன் கொடுக்கிறார் விற்பவர்.

நிலைக் கட்டணம், அதாவது Fixed Fee அல்லது Closing Fee, ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று விலை வரம்பைப் பொறுத்துப் பிடிப்பது. குறைந்த விலைப் பொருளை அடிப்பது இதுதான். கால் கிலோ விற்றாலும் அரைக் கிலோ விற்றாலும் அதே 25 ரூபாய் போகிறது.

அடுத்து வருவது அனுப்பும் கட்டணம். பெரும்பாலான சிறு விற்பனையாளர்களின் பணம் கரைவது இங்கேதான்.

அரைக் கிலோ பாக்கெட் அரைக் கிலோ இல்லை

தளங்கள் எடையைப் படி படியாக வைத்திருக்கின்றன. இந்த எடுத்துக்காட்டில் 500 கிராம் வரை ரூ. 45, ஒரு கிலோ வரை ரூ. 65, ஒன்றரைக் கிலோ வரை ரூ. 95. அரைக் கிலோ பருப்பைப் பையில் போட்டு, அதை அட்டைப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டினால் 580 முதல் 600 கிராம் வந்துவிடும். ஆக, 500 கிராம் பாக்கெட் ஒருநாளும் 500 கிராம் படியில் போகாது. அடுத்த படிக்குப் போய், ஒரு கிலோவுக்கான கட்டணத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இது தராசில் தெரியும் எடை. இன்னொரு எடையும் உண்டு. அது பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிடப்படுவது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிடைக்கும். கூரியர் வண்டியில் பெட்டி அடைக்கும் இடத்துக்கு அவர்கள் போடும் எடை இது. தராசு எடை, அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் உள்ள பெட்டியின் அளவு எடை 0.6 கிலோ. ஒரு கிலோ படிக்குள் நிற்கும். அதே அரைக் கிலோ பருப்பை, கையில் பெட்டி தீர்ந்துபோனதால், 25-க்கு 20-க்கு 12 பெட்டியில் வைத்து அனுப்பினால்? 6,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 1.2 கிலோ. தராசில் 600 கிராம்தான் காட்டும். கட்டணம் ஒன்றரைக் கிலோவுக்கு.

இந்த வித்தியாசம் உடனே தெரியாது. அனுப்பும் நாளில் விற்பவர் பதிந்த அளவுக்கு ரூ. 65 பிடிப்பார்கள். கூரியர் கிடங்கில் இயந்திரம் பெட்டியை அளந்த பிறகு, அடுத்த சீட்டிலோ அதற்கடுத்த சீட்டிலோ, அனுப்பும் கட்டணத் திருத்தம் என்று ஒரு வரி வரும். Shipping Adjustment, Weight Discrepancy என்று தளத்துக்கு ஒரு பெயர். இந்த எடுத்துக்காட்டில் வித்தியாசம் 30 ரூபாய், அதன் மீது ஜி.எஸ்.டி. 5.40, ஆக ரூ. 35.40. பத்தில் மூன்று ஆர்டர் பெரிய பெட்டியில் போயிருந்தால் ரூ. 106.20 பிடித்தம்.

பெட்டி பெரிதாக இருந்தால் அந்தப் பிடித்தம் நியாயமானது, மறுத்துப் பயனில்லை. ஆனால், இயந்திரம் தவறாக அளப்பதும் நடக்கிறது. ஒட்டிய டேப் பிரிந்து நீண்டிருந்தாலோ, பெட்டி நசுங்கி அகன்றிருந்தாலோ அளவு மாறும். தவறு என்று எப்படித் தெரியும்? ஒரே பெட்டி, ஒரே பொருள், இருபது ஆர்டரில் பதினெட்டுக்கு ஒரு எடையும் இரண்டுக்கு மட்டும் வேறு எடையும் போட்டிருந்தால் அந்த இரண்டையும் மறுக்கலாம். அதற்குச் சான்று வேண்டும். முகவரிச் சீட்டு ஒட்டிய பெட்டி தராசில் இருக்கும் படம், மூன்று பக்கமும் டேப்பால் அளந்த படம். இவற்றை அனுப்பும்போதே எடுத்து, ஆர்டர் எண்ணோடு போனில் வைத்திருக்க வேண்டும். பிடித்தம் வந்த பிறகு எடுக்கப் பெட்டி கையில் இருக்காது. மறுக்கக் கொடுக்கும் அவகாசமும் சில நாட்கள்தான். மாதக் கடைசியில் சீட்டைத் திறப்பவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்.

திரும்பி வந்த ஒரு பார்சல்

பத்தில் ஒன்று திரும்பி வந்தது. சீட்டில் இது விற்பனைக்குப் பக்கத்தில் இருக்காது. விற்பனை முந்தைய சீட்டில் வரவாகியிருக்கும், திரும்பியது இந்தச் சீட்டில் கழிவாக நிற்கும். அதனால்தான் ஒரு வாரம் நிறைய வந்தது போலவும் மறுவாரம் யாரோ பிடுங்கிக்கொண்டது போலவும் தோன்றுகிறது. ஆர்டர் எண்ணை வைத்து இரண்டு சீட்டையும் சேர்த்தால்தான் கணக்கு முழுசாகும்.

அந்த ஒரு ஆர்டருக்கு நடந்தது இது. வாடிக்கையாளரின் ரூ. 525 அப்படியே திருப்பிக் கொடுக்கப்பட்டது. கமிஷன் 31.50, நிலைக் கட்டணம் 25, இவற்றுக்கான ஜி.எஸ்.டி. 10.17 ஆகியவை விற்பவருக்குத் திரும்பின, டி.சி.எஸ்., டி.டி.எஸ். சேர்ந்த 3 ரூபாயும் சரிசெய்யப்பட்டது. அனுப்பிய கட்டணம் 65 திரும்பவில்லை. பார்சலைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு 85 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி. 15.30-ம் பிடித்தார்கள். எல்லாம் சேர்த்து இந்தச் சீட்டில் கழிந்தது ரூ. 555.63. முன்பு வரவான 378.63-ஐ இதோடு ஒப்பிட்டால், ஒரு கிராம் பருப்பும் விற்காமல் ரூ. 177 போயிருக்கிறது.

திரும்புவதில் இரண்டு வகை உண்டு. வீட்டில் ஆள் இல்லை, பணம் கொடுத்து வாங்க மறுத்தார் என்று கூரியரே திருப்பிக் கொண்டுவருவது ஒன்று. பெட்டி பிரிக்கப்படாமல் வரும்; பருப்பு நன்றாக இருந்தால் மறுபடி விற்கலாம். சில தளங்கள் இந்த வகைக்குத் திரும்பக் கொண்டுவரும் கட்டணம் பிடிப்பதில்லை. அப்படி ஒரு தளத்தில் அந்தக் கட்டணம் சீட்டில் இருந்தால், திரும்பிய வகையை மாற்றிப் பதிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, வாடிக்கையாளர் வாங்கிப் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவது. உணவுப் பொருள் என்பதால் பிரித்த பாக்கெட் அதோடு முடிந்தது. பாக்கெட் உடைந்தோ வேறு பொருள் வைத்தோ வந்தால், பிரிக்கும்போதே வீடியோ எடுத்து இழப்பீடு கேட்கலாம். இதற்கும் நாள் கணக்கு உண்டு.

பத்து ஆர்டரையும் கூட்டினால்

பத்து ஆர்டரின் வரவு 3,786.30. திரும்பிய பார்சலுக்குக் கழிவு 555.63. பெட்டித் திருத்தத்துக்குக் கழிவு 106.20. மீதி 3,124.47. வங்கியில் விழுந்த அதே தொகை. காசு மாறாமல் வந்துவிட்டது. இப்படிக் கூட்டிப் பார்க்கையில் காசு இடித்தால், சீட்டில் எங்கோ பார்க்காத ஒரு வரி இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது விளம்பரக் கட்டணமாக இருக்கும். பொருளை மேலே காட்டுவதற்கான அந்த விளம்பரத்தை யாரோ ஒருநாள் ‘சரி’ என்று அழுத்தித் தொடங்கி வைத்திருப்பார்கள்.

பாக்கெட் ஒன்றுக்குப் பருப்பு, கூலி, பை, பெட்டி எல்லாம் சேர்த்து அடக்கம் ரூ. 340 என்று வைத்தால், சிக்கல் இல்லாத ஒரு ஆர்டரில் நிற்பது ஏறக்குறைய ரூ. 38. திரும்பி வந்த ஒரு பார்சல், பருப்பு நன்றாக இருந்தாலே நான்கு ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிடுகிறது. பருப்பும் வீணானால் பதின்மூன்று ஆர்டரின் லாபம் போகும். விற்றதோ பத்து.

இதை மாற்றக்கூடியது கமிஷன் விகிதம் இல்லை. அது விற்பவர் கையில் இல்லை. பாக்கெட் அளவு அவர் கையில் இருக்கிறது. இதே பருப்பைக் கால் கிலோவாக ரூ. 262.50-க்கு விற்றால் கமிஷன், நிலைக் கட்டணம், அனுப்பும் கட்டணம் சேர்ந்து 85.75 போகிறது. வரி நீங்கிய விலையான 250-ல் இது 34 சதவிகிதம். அரைக் கிலோவில் 24 சதவிகிதம். ஒரு கிலோவாக ரூ. 1,050-க்கு விற்று, நிலைக் கட்டணம் 35 ஆக ஏறினாலும், ஒன்றரைக் கிலோ படிக்கு 95 கொடுத்தாலும், மொத்தம் 193 ரூபாய், 19 சதவிகிதம். அரைக் கிலோவுக்குத் தண்டம் வாங்கித் தந்த அந்தப் பெரிய பெட்டி, ஒரு கிலோவுக்குச் சரியான பெட்டி.

அரசிடம் நிற்கும் பணம்

இனி வரி. டி.சி.எஸ்., டி.டி.எஸ். இரண்டும் தளம் எடுத்துக்கொள்வதல்ல. விற்பவர் பெயரில் அரசிடம் கட்டப்படுவது.

டி.சி.எஸ். என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 52-வது பிரிவுப்படி பிடிப்பது. 2018 அக்டோபரில் ஒரு சதவிகிதமாகத் தொடங்கியது, 2024 ஜூலை 10 முதல் அரை சதவிகிதம். வரி நீங்கிய விலையில், அந்த மாதம் திரும்பி வந்ததைக் கழித்துவிட்டுப் பிடிக்க வேண்டும். தளம் அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் தன் கணக்கைத் தாக்கல் செய்யும். அதன்பின் விற்பவர் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் Returns பகுதியில் உள்ள TDS and TCS Credit Received என்ற பக்கத்தைத் திறந்து, தொகையைச் சரிபார்த்து ஏற்றுத் தாக்கல் செய்ய வேண்டும். அப்போதுதான் அது அவருடைய மின்னணு ரொக்கப் பேரேட்டுக்கு வரும். வரி கட்ட அதைப் பயன்படுத்தலாம், மீந்தால் திரும்பவும் கேட்கலாம். ஏற்காமல் விட்டால் பணம் அங்கேயே நிற்கும். யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

டி.டி.எஸ். வருமான வரிக்கானது. 1961-ம் வருடச் சட்டத்தில் 194-ஓ பிரிவாக 2020 அக்டோபரில் வந்தது. அப்போது சட்டத்தில் ஒரு சதவிகிதம். 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவிகிதம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இதைக் கழித்துக்கொள்ளலாம். தனி நபரோ இந்துக் கூட்டுக் குடும்பமோ விற்பவராக இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்து, அந்தத் தளத்தில் வருட விற்பனை ஐந்து லட்சத்தைத் தாண்டவில்லை என்றால் இது பிடிக்கப்படாது. பங்குதாரர் நிறுவனம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. பான் எண்ணே தராமல் விட்டால் விகிதம் ஐந்து சதவிகிதம். சீட்டில் டி.டி.எஸ். வரி திடீரெனப் பெரிதாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது, பான் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான்.

மூன்றாவது, கட்டணங்களின் மீது போட்ட 18 சதவிகிதம். இந்தப் பத்து ஆர்டரில் அது ரூ. 240.03. பதிவு பெற்றவர் இதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். தளம் தரும் கட்டண பில்லில் அவருடைய ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். ஒன்பது பாக்கெட்டுக்கு வாடிக்கையாளர்களிடம் வாங்கிய வரி ரூ. 225. அது முழுவதும் இந்த வரவிலேயே கழிந்து, 15 ரூபாய் அடுத்த மாதத்துக்கு நகர்கிறது. இதைத் தெரியாமல் 225-ஐயும் கையிலிருந்து கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பருப்பாக வெளியில் வாங்கி விற்பவருக்கு வாங்கும்போது கட்டிய வரியும் சேர்வதால் வரவு மேலும் மீந்து தேங்கும்; அதை ரொக்கமாக எண்ணிவிடக் கூடாது.

சிதம்பரத்து அரிசியும் காரைக்காலும்

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு விவசாயி என்ன செய்வார்? 2023 அக்டோபர் 1 வரை, ஆன்லைன் சந்தை வழியே சரக்கு விற்கும் வியாபாரிகள் எவ்வளவு சிறியவர்களானாலும் பதிவு எடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் விதி தளர்ந்தது. விற்பனை பதிவு வரம்புக்குள், தமிழ்நாட்டில் வருடத்துக்கு 40 லட்சத்துக்குள் இருந்தால், பான் எண்ணை வைத்து ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கி விற்கலாம். இவர்களிடம் தளம் டி.சி.எஸ். பிடிக்கக் கூடாது, சீட்டில் அந்த வரி இருந்தால் கேட்க வேண்டும்.

கட்டுப்பாடு ஒன்று உண்டு: மாநிலத்துக்குள் மட்டுமே விற்க முடியும். கடலூர் மாவட்டத்துக்கு இது மற்ற ஊர்களைவிட அதிகம் உறைக்கும். சிதம்பரத்திலிருந்து மாப்பிள்ளைச் சம்பா அரிசியைக் கன்னியாகுமரிக்கு அனுப்பலாம், பக்கத்துக் காரைக்காலுக்கு அனுப்ப முடியாது. கடலூர்க்காரருக்கு ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் புதுச்சேரியும் வெளி மாநிலக் கணக்குதான்.

அரிசியின் சீட்டு முந்திரியைவிடக் கடுமையானது. ஐந்து கிலோ பை ரூ. 500 என்றால் கமிஷன் 30, நிலைக் கட்டணம் 25, அனுப்பும் கட்டணம் 160 என்று வைப்போம். மூன்றும் 215, ஜி.எஸ்.டி. 38.70. கைக்கு வருவது ரூ. 246.30, கிலோவுக்கு 49 ரூபாய் சொச்சம். பதிவு இல்லாததால் 38.70 திரும்பாது. பதிவு எடுத்தால் திரும்புமே என்று தோன்றும். ஆனால் பதிவு எடுத்தால் பையில் அடைத்துப் பெயர் போட்ட அரிசிக்கு ஐந்து சதவிகித வரி காட்ட வேண்டும். அதே 500 ரூபாய்க்குள் அந்த வரி 23.81. வரவில் அவ்வளவுதான் கழியும், மீதி 14.89 தேங்கி நிற்கும். சேவைகளுக்குக் கட்டிய வரி இப்படித் தேங்கினால் ரொக்கமாகத் திரும்பக் கேட்க வழியில்லை. கைக்கு வரும் பணம் ஏறாது, கணக்குத் தாக்கல் செய்யும் வேலை மட்டும் கூடும். புதுச்சேரி, காரைக்கால், பெங்களூரு ஆர்டர்கள் உண்மையிலேயே கணிசமாக வருகிறவருக்குத்தான் அந்தப் பதிவு கட்டுப்படியாகும்.